61 நாள் தடைக்காலத்தை டிஃப்-இன்-டிஃப் வைத்து அளந்த அனுபவம்

தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் 2016 வரை ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள். 2017-இல் அது ஜூன் 14 வரை நீண்டு 61 நாளானது. கூடுதலான அந்த 16 நாள் பாம்பன் பக்கத்துக் குடும்பங்களின் கடனை எவ்வளவு ஏற்றியது என்பதுதான் என் கட்டுரையின் கேள்வி. மூன்று வருடமாக இதற்கு டிஃப்-இன்-டிஃப் முறையைத்தான் பயன்படுத்தி வருகிறேன். பாதிக்கப்பட்ட குழுவில் வந்த மாற்றத்திலிருந்து, பாதிக்கப்படாத குழுவில் வந்த மாற்றத்தைக் கழித்து விளைவைப் பார்ப்பதுதான் அது.

தரவு, மளிகைக் கடைப் பற்று நோட்டு. கடைக்காரர் பெயர்களை மறைத்துத்தான் பார்க்கவிட்டார். குடும்பத்துக்கு ஒரு பக்கம். அரிசி, எண்ணெய், தீப்பெட்டி என்று வரிசையாக இருக்கும். பணம் கட்டிய நாளில் சிவப்பு மையில் ஒரு கோடு. ஒவ்வொரு வருடமும் ஜூன் 14 அன்று நின்ற பாக்கியை எடுத்துக்கொண்டேன்.

விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்கள் பாதிப்புக் குழு. தடை நாட்டுப்படகுகளுக்குக் கிடையாது, அதனால் அவர்கள் ஒப்பீட்டுக் குழு. யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கணக்கு புரிவதற்காகக் கற்பனை எண்களை வைக்கிறேன். விசைப்படகுக் குடும்பத்தின் சராசரி பாக்கி 6,000-இலிருந்து 9,000 ஆகிறது. நாட்டுப்படகுக் குடும்பத்தில் 4,000 இருந்தது 3,000 ஆகக் குறைகிறது. ஒன்றில் 3,000 ஏற்றம், மற்றதில் 1,000 இறக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4,000. இதைத் தடையின் விளைவு என்று எழுதிவிடலாம் போலத்தான் இருக்கும்.

நாட்டுப்படகுக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "லாஞ்சு எல்லாம் கட்டிக் கிடக்கும்போதுதான் தம்பி எங்க மீனுக்கு வெலையே" என்றார். என் அடித்தளமே அங்கே ஆடிப்போனது. விசைப்படகு நின்றால் ஏலத்தில் வரத்து குறையும், விலை ஏறும், நாட்டுப்படகுக் குடும்பம் பற்றை அடைக்கும். அதாவது ஒப்பீட்டுக் குழுவையும் தடை தொட்டுவிட்டது. அந்த 1,000 இறக்கமும் தடையால் வந்ததென்றால், 4,000 என்பது விசைப்படகுக் குடும்பத்தின் சுமை ஆகாது. ஒருவர் இழந்ததையும் மற்றவர் பெற்றதையும் கூட்டிய தொகை அது.

அப்புறம் கடலோடு சம்பந்தமில்லாத கொத்தனார், கூலி வேலைக் குடும்பங்களை ஒப்பீட்டுக்கு எடுத்தேன். அவர்கள் பாக்கி 200 ஏறியது என்று வைத்தால் விளைவு 2,800. இன்னொரு சிக்கல், தடை நாளில் விசைப்படகுத் தொழிலாளர் சிலர் நாட்டுப்படகில் ஏறிவிடுகிறார்கள். அதனால் எல்லோரையும் 2016-இல் இருந்த தொழிலை வைத்தே பிரிக்க வேண்டும்.

இனி இணைப்போக்குச் சோதனை. தடை நீளாமல் இருந்திருந்தால் இரு குழுக்களின் பாக்கியும் ஒரே அளவில் மாறியிருக்கும் என்பது அனுமானம். பாக்கி சமமாக இருக்க வேண்டியதில்லை, இடைவெளி மாறாமல் இருந்தால் போதும். 2016-ஐ அடிப்படை வருடமாக வைத்து, R-இன் `fixest` தொகுப்பில் இப்படி ஓட்டினேன்:

```r
feols(kadan ~ i(year, visai, ref = 2016) | kudumbam + year,
      data = d, cluster = ~kudumbam)
```

இரு குழுக்களின் இடைவெளி 2016-இலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்பதைச் சொல்லும் 2013, 2014, 2015 கோஎஃபிஷியன்ட்கள் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். என் முதல் வரைவில் "முன்வருட எண்கள் எதுவும் சிக்னிஃபிகன்ட் இல்லை, ஆகவே இணைப்போக்கு உண்டு" என்று எழுதியிருந்தேன். அது தப்பு. 2014-க்கு 300 வந்து, அதன் நம்பக இடைவெளி −1,200 முதல் 1,800 வரை நீண்டால், பூஜ்யமும் அதற்குள் இருக்கிறது, பெரிய விலகலும் இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பல நேரம் விலகலைப் பிடிக்கும் வலு இல்லை என்பதைப் பொருளாதார அறிஞர் ஜொனாதன் ராத் 2022-இல் விரிவாகக் காட்டியிருக்கிறார். இப்போது வரைபடத்தையும் நம்பக இடைவெளியையும் அப்படியே கொடுக்கிறேன். முன்வருடங்களில் அடுத்தடுத்த இரு வருடங்களுக்குள் தெரிந்த மிகப்பெரிய விலகல் 2017-லும் வந்திருந்தால் முடிவு நிற்குமா என்றும் எழுதுகிறேன். ரம்பச்சனும் ராத்தும் உருவாக்கிய `HonestDiD` என்ற R தொகுப்பு இதைச் செய்து தருகிறது.

எனக்கு அதைவிடப் பிடித்த சோதனை நோட்டிலேயே இருந்தது. மே 29 அன்று நின்ற பாக்கி. அந்த நாள் வரை இரண்டு வருடமும் ஒரே 45 நாள் தடைதான். ஆகவே அதே கணக்கை மே 29-க்குப் போட்டால் விளைவு பூஜ்யமாக வர வேண்டும். அங்கேயே 1,500 வந்தால் வேறு ஏதோ குறுக்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பு ஏலக் கூடத்தையும் கொத்து வேலையையும் வேறு வேறு அளவில் தாக்கியிருந்தால் அது இங்கே தெரியவரும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இன்னும் 16 நாள் இருக்கிறதே என்று தெரிந்த குடும்பம் மே மாதத்திலேயே கையைச் சுருக்கியிருக்கலாம், அப்போது மே 29 பாக்கி குறைவாகத் தெரியும். அதனால் மே மாதப் பக்கங்களில் எண்ணெய், சோப்பு வாங்கிய அளவை மட்டும் தனியாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.