பென்சில் கோடும் எண்ணெய் வண்ணமும் ஒரே படத்தில்: Opacity, Multiply, மாஸ்க் எது எதற்கு?

போட்டோஷாப்பில் ஒரு பூக்காரம்மா படம். அதன் ஒரு நகலை பென்சில் ஓவியமாக்குகிறோம்: நிறம் நீக்கி, லேயரை நகலெடுத்து, Invert செய்து, Blend Mode-ஐ Color Dodge ஆக வைத்து, Gaussian Blur கொடுத்து, கடைசியில் இரண்டையும் ஒரே லேயராகச் சேர்த்தால் போதும். இன்னொரு நகலுக்கு Oil Paint ஃபில்டர். முகமும் பூச்சரமும் வண்ணத்தில் வர வேண்டும். கூடையும் சுவரும் வெறும் கோடாக நிற்க வேண்டும்.

பலரும் முதலில் போவது Opacity பக்கம். பென்சில் லேயரை மேலே வைத்து 50 சதவீதம் ஆக்குவார்கள். எனக்கு இது அறவே பிடிக்காது. பென்சில் படத்தில் பெரும்பகுதி வெள்ளைத் தாள்; கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் அதன் மதிப்பு 255. கீழே புடவையின் அடர்நிறம் 60 என்றால் இரண்டும் கலந்து 157 ஆகிவிடும். வண்ணம் பால் ஊற்றியதுபோல வெளுக்கும், கோடும் மங்கும்.

Multiply என்ற Blend Mode இரண்டு லேயர்களின் மதிப்புகளையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. அதனால் வெள்ளைத் தாள் மறைந்து புடவை 60-லேயே நிற்கும். 100 மதிப்புள்ள கோடு விழும் இடம் மட்டும் 24 அளவுக்கு இருளும். கோட்டை வண்ணத்தின்மேல் ஏற்ற இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கருங்கூந்தலில் கோடு கண்ணுக்கே தெரியாது. கன்னத்தில் பென்சில் பொடி அழுக்காகப் படியும். Oil Paint ஓரங்களை லேசாக நகர்த்திவிடுவதால் இமையிலும் தாடையிலும் இரட்டைக் கோடு வரலாம். படத்தை 100 சதவீத Zoom-இல் பார்த்தால்தான் அது பிடிபடும்.

எந்த இடத்தில் எந்த பாணி என்பதை முடிவு செய்வது மாஸ்க்தான். பென்சில் படத்தின்மேல் எண்ணெய் லேயரை வைத்து, கூடையையும் சுவரையும் மாஸ்க்கில் கறுப்பால் மறைப்பது வழக்கமான முறை. குறை தெரிவது எல்லையில்: மென்மையான பிரஷ் போட்ட இடத்தில் பாதி பென்சில், பாதி எண்ணெய். தோளிலிருந்து கூடைக்கு வரும் கோடு அந்த இடத்தில் கரைந்து, எண்ணெய்ப் பகுதிக்குள் காணாமலே போகும்.

ஆகவே நான் மாஸ்க்கையும் Multiply-யையும் சேர்த்தே வைப்பேன். அடியில் வெறும் வெள்ளை நிற லேயர், அதன்மேல் மாஸ்க்கோடு எண்ணெய் லேயர், உச்சியில் படம் முழுக்க Multiply-யில் பென்சில். இப்போது எல்லையில் வண்ணம் மட்டும் தாளுக்குள் கரையும், கோடு அறுபடாமல் ஓடும். பென்சில் லேயருக்கும் ஒரு மாஸ்க் போட்டு முகத்தில் மட்டும் சாம்பல் பூசினால் கன்னத்து அழுக்கும் இமையின் இரட்டைக் கோடும் அடங்கும். அந்தச் சாம்பலைக் கண்ணைப் பார்த்தே கூட்டிக் குறைக்க வேண்டும். அதிகமாக இருளவிட்டால் முகத்தில் பென்சிலே இல்லாமல் போய்விடும்.

இந்த அடுக்கு வேலை செய்ய, இரண்டு மாற்றங்களும் ஒரே அளவுள்ள ஒரே மூலப்படத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இடையில் ஒன்றை மட்டும் வெட்டியிருந்தாலோ, அளவு மாற்றியிருந்தாலோ கோடு வண்ணத்தின்மேல் சரியாக உட்காராது.