மூட்டை குறைந்தால் எது செல்லும்: ட்ராக்கிங் ஸ்கிரீன்ஷாட்டா, கையெழுத்துப் போட்ட பி.ஓ.டி.யா?

குன்னூரிலிருந்து மதுரைக்கு பார்சல் லாரியில் 20 மூட்டை டீத்தூள் போட்டிருந்தோம். 18தான் இறங்கியது என்று கடைக்காரர் 2 மூட்டைக்குப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். லாரி ஆபீசில் கேட்டால் 'டெலிவர்டு' என்று காட்டும் ட்ராக்கிங் ஸ்கிரீன்ஷாட்டை உடனே அனுப்பிவிடுவார்கள். சரக்கை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட டெலிவரி ரசீதான பி.ஓ.டி. வேண்டுமென்றால் நாலு தடவை போன் போட வேண்டும். நான் பி.ஓ.டி. கட்சி.

சரக்கே வரவில்லை என்பவருக்கும், கடன் நாள் எப்போது தொடங்குகிறது என்று இழுப்பவருக்கும் ஸ்கிரீன்ஷாட் போதும். ஆனால் எத்தனை மூட்டை இறங்கியது, யார் எண்ணி எடுத்தார் என்பது அதில் இருக்காது.

பி.ஓ.டி.யில் பார்க்க வேண்டியது கையெழுத்தை மட்டுமல்ல, அதன் பக்கத்தில் பேனாவால் எழுதியிருப்பதையும்தான். சீல் வைத்து ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், குறைவு என்று பின்னால் சொல்வது கடைக்காரருக்குக் கஷ்டம். 'குறைவு' என்று எழுதியிருந்தால் நம் வழக்கு லாரி ஆபீசோடு. சீலே இல்லாமல் ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தால், அது யார் கையெழுத்து என்பதை முதலில் கடையில் கேட்க வேண்டும்.

எங்களுக்கு முதலில் வந்த வாட்ஸ்அப் போட்டோவில் சீலும் கையெழுத்தும் சுத்தமாக இருந்தன. அதை மட்டும் வைத்துக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றிருக்கலாம். முழுத்தாள் கேட்டு புக்கிங் ஆபீசுக்கும் டெலிவரி ஆபீசுக்கும் சேர்த்தே மெயில் போட்டேன்:

"லாரி ரசீதின் எல்.ஆர். எண், புக்கிங் தேதி, இன்வாய்ஸ் எண் கீழே உள்ளன. மொத்தம் 20 மூட்டை. டெலிவரி எடுத்தவரின் கையெழுத்து, சீல் உள்ள பி.ஓ.டி.யின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஓரம் வெட்டாமல் ஸ்கேன் செய்து அனுப்பவும்."

பின்பக்கத்தில் இருந்தது: '18 மட்டும். 2 மூட்டை குறைவு.' கடைக்காரர் சொன்னது சரி. அவருக்கு 2 மூட்டைக்கு கிரெடிட் நோட் போட்டுவிட்டு, லாரி ஆபீசுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தோம்.

இதில் நாள் கணக்குதான் முக்கியம். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 16ஆம் பிரிவின்படி, சரக்கு தொலைந்ததற்கோ சேதமானதற்கோ கேஸ் போடுமுன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். டெலிவரி நாளிலிருந்து அல்ல. கடைக்காரரோடு கணக்குப் பார்த்தே மாதங்கள் ஓடிவிடும், அதற்குள் பி.ஓ.டி. கட்டுகளும் டெலிவரி ஆபீசிலிருந்து ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டால் தேடி எடுப்பது பெரும்பாடு. அதனால் பில்லில் பணம் குறைந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

முழு லோடு லாரியில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அங்கே வாடகை பாக்கியை வாங்க டிரைவரே பி.ஓ.டி.யைத் திருப்பிக் கொண்டுவருவதால் இவ்வளவு அலைச்சல் இருக்காது என்றே நினைக்கிறேன். பார்சலில் அப்படியில்லை. எங்கள் சரக்கு மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறுகிறது. எங்கே குறைந்தது என்று அவர்கள் ஆபீசுக்குள்ளேயே ஒருவர் மேல் ஒருவர் சொல்வார்கள். எழுதிக் கொடுத்த நோட்டீசோடு எல்.ஆர்., இன்வாய்ஸ், பி.ஓ.டி.யின் இரண்டு பக்கம் எல்லாவற்றையும் இணைத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு நகலில் சீல் வாங்கி வைத்திருக்கிறோம்.