மணிக்கணக்கு: மொத்த விநாடியா, தசம மணியா?

பெங்களூரு இந்திராநகரில் எங்கள் குழுவில் பாதிப்பேர் தமிழர்கள். நேரக்குறிப்பில் ஒருவர் "1 மணி 20 நிமிடம்" என்று எழுதுவார், இன்னொருவர் "ஒன்றரை மணி" என்பார். இதை எண்ணாக்கி வைக்க இரண்டு வழிகள்.

தசம மணி பில் போட வசதி, மணிக்கட்டணத்தால் அப்படியே பெருக்கிவிடலாம். ஆனால் 1 மணி 20 நிமிடம் என்பது 1.3333..., முடியாத எண். 1.33 என்று வெட்டி 20 நாள் கூட்டினால் 26.60 மணி வரும். விநாடியில் அதே வேலை 4800 × 20 = 96000, அதாவது 26.67 மணி. நான்கு நிமிடம் காணாமல் போயிற்று! அப்புறம், அவசரத்தில் 1.20 என்று எழுதுபவர்களும் உண்டு. அது 72 நிமிடம்தான்.

அதனால் சேமிப்பது விநாடியில், தசமம் பில்லில் மட்டும் என்பது என் கட்சி. எக்செலில் A2-வில் 1:20 நேரமாகவே பதிவாகியிருந்தால்:

```
=A2*86400
=A2*24
```

முதலாவது விநாடி, இரண்டாவது தசம மணி. விடை நேர வடிவில் தெரிந்தால் செல்லை எண் வடிவுக்கு மாற்ற வேண்டும்.

சொற்களில்தான் உண்மையான தொல்லை, அதில் இரண்டு வழிக்கும் ஒரே கதிதான். "கால்" என்று தேடினால் "முக்கால்" உள்ளும் அது சிக்கும். 2700 விநாடி 900 ஆகிவிடும். "அரை" என்று தேடினால் "ஒன்றரை" சிக்கவே சிக்காது, புணர்ச்சியில் "அ" கரைந்துவிட்டதே. ஒன்றேகால் 4500, ஒன்றரை 5400 என்று முழுச்சொற்களாகப் பட்டியலிட்டு, நீளமான சொல்லை முதலில் தேட வைத்தேன்.