libphonenumber-js: பாராட்டவும் ஒரு காரணம், திட்டவும் ஒரு காரணம்

பல நாட்டினர் பதிவு செய்யும் படிவத்தில் தொலைபேசி எண்களைச் சரிபார்க்க எதைப் போடலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். libphonenumber-js என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை நீண்ட காலமாகப் பயன்படுத்துகிறேன் என்பதால், பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லது. எண்ணின் முன்னால் வரும் 0 என்ன செய்யும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் அது உள்நாட்டில் அழைக்க மட்டும்தான். +44 போட்டால் போய்விட வேண்டும். இத்தாலியின் தரைவழி எண்ணில் 0 எண்ணின் ஒரு பகுதி. ரோமின் 06-ஐ +39க்குப் பின் 6 ஆக்கினால் அழைப்பு போகாது. "முதல் 0 வந்தால் வெட்டு" என்று கையால் எழுதிய விதி இங்கேதான் மாட்டிக்கொள்ளும். இந்த லைப்ரரிக்கு இதெல்லாம் அத்துப்படி.

```
parsePhoneNumber('07700 900123', 'GB').number
// '+447700900123'
```

+ போட்டு எழுதினால் இரண்டாவதாகக் கொடுத்த நாட்டைக் கண்டுகொள்ளாது. அதுதான் சரி. வசிப்பது ஒரு நாடு, சிம் வேறு நாடு என்று இருப்பவர்கள் ஏராளம். முகவரிக்கான நாட்டையே எண்ணுக்கும் எடுத்துக்கொள்ளும் படிவங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது எரிச்சல். எந்த நாட்டில் எத்தனை இலக்கம் என்ற விவரம் லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது; நாம் கடைசியாக அப்டேட் செய்த நாளோடு அதன் உலகம் நின்றுவிடும். ஐவரி கோஸ்ட் 2021 ஜனவரி 31 அன்று 8 இலக்கத்திலிருந்து 10 இலக்கத்துக்கு மாறியது. மொபைல் எண்களுக்கு முன்னால், நிறுவனத்தைப் பொறுத்து, 01, 05 அல்லது 07 சேர்ந்தது. அந்த 0வையும் +225க்குப் பின் வெட்டக் கூடாது. பழைய பதிப்போடு ஓடும் படிவத்தில் அந்நாட்டவர் சரியான எண்ணைப் போட்டாலும் "தவறான எண்" என்று சிவப்பில் வரும். நீளத்தை மட்டும் பார்க்கும் `isPossible()` கூடக் காப்பாற்றாது, ஏனென்றால் மாறியதே நீளம்தான். `validatePhoneNumberLength` `TOO_LONG` என்று திருப்பித் தருவதும், அது ஒரே நாட்டு எண்களுக்கு மட்டும் நடப்பதும்தான் பதிப்பு பழசாகிவிட்டது என்பதற்கு அடையாளம். அந்த நாட்டவர் புகார் சொல்லவும் மாட்டார்கள், படிவத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு எதுவும் தெரியாது.

`isValid()` இன்னும் கறார்: புதிதாகத் திறந்த எண் வரிசை அதன் பட்டியலில் இல்லையென்றால் மறுத்துவிடும். அத்தனை கறாராக இருந்தும், அந்த எண் இப்போது யாரிடமாவது இருக்கிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்கு எஸ்எம்எஸ்ஸில் குறியீடு அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

எனவே நண்பருக்கு: தாராளமாகப் போடு, எண்ணை + வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்க இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. ஆனால் `false` வந்தால் "ஒருமுறை சரிபாருங்கள்" என்று மட்டும் கேள், சமர்ப்பி பொத்தானை முடக்காதே. +க்குப் பின் 15 இலக்கத்தைத் தாண்டினால் மட்டும் தயங்காமல் மறுத்துவிடு, சர்வதேச எண்களுக்கான E.164 விதியே அவ்வளவுதான் அனுமதிக்கிறது.