ஒற்றை எண்களைக் கூட்ட நான்கு வழி: தொகுத்தறிதல் எதில் மேல், எதில் கீழ்?

பி.எஸ்சி. கணிதம் முதலாண்டுக்கு வருகிறவர்களுக்குக் கணிதத் தொகுத்தறிதல் புதிதல்ல. பிளஸ் ஒன்னிலேயே பார்த்ததுதான். திருவல்லிக்கேணியில் என்னிடம் டியூஷன் படிக்க வருகிற பிள்ளைகளும் மூன்று வரிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்: P(1) உண்மை, P(k) உண்மை எனக் கொள்க, P(k+1) உண்மை என நிறுவுக. ஆனால் "வேறு வழியில் செய்தால் என்ன? இதைவிடச் சுலபமான வழி இருக்கிறதே?" என்று கேட்டால் பதில் வராது. அதனால் ஒரே கூட்டலை நான்கு வழிகளில் செய்து பார்ப்போம்.

1 + 3 + 5 + … + (2n − 1) = n²

முதல் n ஒற்றைப்படை எண்களின் கூடுதல் n². பத்தாம் வகுப்பிலேயே பயன்படுத்திய சூத்திரம்தான்.

முதல் வழி, எண்களைப் போட்டுப் பார்ப்பது. 1, 1+3 = 4, 1+3+5 = 9, 1+3+5+7 = 16. எல்லாம் வர்க்க எண்கள். இன்னும் பத்து முறை போட்டாலும் சரியாகவே வரும். இது சூத்திரத்தை ஊகிக்க உதவும், நிரூபிக்க உதவாது. ஏன் உதவாது என்பதற்கு ஆய்லரின் n² + n + 41 என்ற கோவையைப் பாருங்கள். n = 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண் வரும். நாற்பது முறை சோதித்தவர் "இது எப்போதும் பகா எண்தான்" என்று எழுதிக் கையெழுத்தே போட்டுவிடுவார். n = 40 என்று போட்டால் 40×40 + 40 + 41 = 40×41 + 41 = 41×41. அத்தோடு முடிந்தது கதை.

இரண்டாம் வழி, புள்ளி வைப்பது. மார்கழியில் வாசலில் 4 புள்ளி 4 வரிசை வைத்திருந்தால் மொத்தம் 16 புள்ளி. அதை 5 புள்ளி 5 வரிசையாக்க வேண்டும் என்றால் வலப்பக்கம் 4, கீழே 4, மூலையில் 1, ஆக 9 புள்ளி புதிதாக வைக்க வேண்டும். 9 என்பது ஐந்தாவது ஒற்றை எண். ஒரு புள்ளியில் தொடங்கி 3, 5, 7, 9 என்று மூலை மூலையாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் சதுரம்தான் கிடைக்கும். சூத்திரம் ஏன் உண்மை என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எந்த வழியும் காட்டாது. குறை ஒன்றுதான். நாம் வரைந்து காட்டியது 4-லிருந்து 5-க்குப் போவதை. எந்த எண்ணிலிருந்தும் அடுத்த எண்ணுக்கு இப்படியே போகலாம் என்பதைப் படம் சொல்லாமல் சொல்கிறது. விடைத்தாளில் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் வழி, திருப்பி எழுதிக் கூட்டுவது.

S = 1 + 3 + … + (2n − 3) + (2n − 1)
S = (2n − 1) + (2n − 3) + … + 3 + 1

மேலும் கீழும் கூட்டினால் ஒவ்வொரு ஜோடியும் 2n. n ஜோடி இருக்கிறது. 2S = 2n², எனவே S = n². இரண்டே வரி. இதில் இன்னொரு லாபம், விடை n² என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. தானாக வந்து விழுகிறது. கூட்டுத் தொடர் எதுவாக இருந்தாலும் இந்த வழி ஓடும். ஆனால் 1² + 2² + … + n² என்று கேட்டால் அங்கேயே நின்றுவிடும். திருப்பி எழுதினால் முதல் ஜோடி 1 + n², அடுத்த ஜோடி 4 + (n−1)². ஜோடிகள் சமமாக இல்லை, மேலே நகர முடியாது.

நான்காம் வழிதான் தொகுத்தறிதல்.

n = 1 என்றால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 1² = 1. P(1) உண்மை.

ஏதோ ஓர் இயல் எண் k-க்கு 1 + 3 + … + (2k − 1) = k² எனக் கொள்வோம். இப்போது P(k+1)-இன் இடப்பக்கத்தை மட்டும் எடுக்கிறோம். அடுத்த உறுப்பு 2(k+1) − 1 = 2k + 1.

1 + 3 + … + (2k − 1) + (2k + 1) = k² + (2k + 1) = (k + 1)²

P(k+1) உண்மை. ஆக எல்லா இயல் எண்களுக்கும் சூத்திரம் உண்மை.

இங்கே வழக்கமாக ஒரு கேள்வி வரும்: "நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொள்கிறோமே சார், இது ஏமாற்று இல்லையா?" இல்லை. நாம் கொள்வது ஒரே ஒரு k-க்கு மட்டும். நிறுவுவது "k-க்கு உண்மையாக இருந்தால் k+1-க்கும் உண்மை" என்ற தொடர்பை. k-க்கு அது உண்மையா என்பதைப் பற்றி அந்தப் படி எதுவும் சொல்வதில்லை. அதைச் சொல்வது P(1)-இன் வேலை.

இப்போது இரண்டாம் வழியையும் நான்காம் வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். k² + (2k + 1) = (k + 1)² என்ற வரிதான் அந்த மூலைப் புள்ளிகள்: வலப்பக்கம் k, கீழே k, மூலையில் 1. படம் 4-க்குக் காட்டியதை எழுத்து எல்லா k-க்கும் சொல்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 1575-இல் அச்சான பிரான்செஸ்கோ மௌரோலிகோவின் எண்கணித நூலில் இதே கூட்டலுக்கு இதே வாதம் இருக்கிறது. ஒரு வர்க்க எண்ணோடு அடுத்த ஒற்றை எண்ணைக் கூட்டினால் அடுத்த வர்க்க எண் வரும் என்று காட்டிவிட்டு, 1-லிருந்து படிப்படியாக ஏறுகிறார்.

இந்தக் கூட்டலுக்கு எது சிறந்தது என்றால் மூன்றாம் வழியைத்தான் சொல்வேன். சின்னது, விடையையும் அதுவே தருகிறது. தொகுத்தறிதலுக்குச் சூத்திரத்தை யாராவது முதலில் கையில் கொடுக்க வேண்டும். பரிட்சையில் "தொகுத்தறிதல் முறையில் நிறுவுக" என்று கேட்டிருந்தால் அது வேறு விஷயம். அங்கே திருப்பி எழுதிக் கூட்டினால் மார்க் கிடைக்காது.

சரி, தொகுத்தறிதல் என்று எழுதியும் மார்க் போகிற இடங்கள் எவை? விடைத்தாள்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் எழுத்து இது:

1 + 3 + … + (2k − 1) + (2k + 1) = (k + 1)²
k² + 2k + 1 = (k + 1)²
(k + 1)² = (k + 1)²
எனவே உண்மை.

கணக்கு எல்லாம் சரி, வாதம் தலைகீழ். முதல் வரியே நிறுவ வேண்டிய வரி. அதிலிருந்து புறப்பட்டு உண்மையான ஒன்றில் வந்து சேர்ந்தால், புறப்பட்ட இடமும் உண்மை என்று ஆகாது. 1 = −1 என்று தொடங்கி இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்துங்கள், 1 = 1 வந்துவிடும். அதற்காக 1-ம் −1-ம் ஒன்றாகிவிடுமா? இடப்பக்கத்தை மட்டும் எடுத்து, கொண்டதைப் பயன்படுத்தி, வலப்பக்கத்தில் போய் முடிப்பது பாதுகாப்பு. எழுதி முடித்ததும் "கொண்டதை எந்த வரியில் பயன்படுத்தினேன்?" என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

அடுத்த சறுக்கல் சின்னது, ஆனால் நிறையப் பேருக்கு வரும். கடைசி உறுப்பு 2k − 1 என்பதால் அடுத்த உறுப்பு அதோடு 1 கூட்டி 2k என்று எழுதிவிடுவார்கள். k² + 2k வரும், (k + 1)² ஆகாது, அப்புறம் எங்கிருந்தோ ஒரு 1 முளைக்கும். k-க்குப் பதில் k+1 போட வேண்டும். உறுப்போடு 1 கூட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் k = 1 போட்டுப் பாருங்கள்: அடுத்த உறுப்பு 3 வர வேண்டும், 2k என்றால் 2 வருகிறது.

மூன்றாவது, P(1)-ஐச் சடங்காக நினைப்பது. வேண்டுமென்றே ஒரு தப்பான சூத்திரத்தை எடுப்போம்: 1 + 3 + … + (2n − 1) = n² + 3. k-க்கு உண்மை எனக் கொண்டால் அடுத்தது k² + 3 + 2k + 1 = (k + 1)² + 3. இரண்டாம் படி தடையில்லாமல் தேறிவிடுகிறது! மாட்டுவது P(1)-இல்தான்: இடப்பக்கம் 1, வலப்பக்கம் 4. 3-க்குப் பதில் எந்த மாறிலியைப் போட்டாலும் இதே கதைதான். காரணம், இரண்டாம் படி பார்ப்பது அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை மட்டும். f(n) என்பது சூத்திரம் என்றால் f(k+1) − f(k) என்பது (k+1)-ஆவது உறுப்புக்குச் சமமா என்பதுதான் கேள்வி. கழிக்கும்போது மாறிலி அடிபட்டுப் போகிறது. அந்த மாறிலியைப் பிடித்துக் கொடுப்பது P(1).

இந்த வித்தியாசப் பார்வை கையில் இருந்தால், தொகுத்தறிதலின் பெரிய குறையை, அதாவது விடை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதை, ஓரளவு சரிக்கட்டலாம். மூன்றாம் வழி முடங்கிய 1² + 2² + … + n² என்ற கூட்டலையே எடுப்போம். ஒற்றை எண்களுக்கு உறுப்பு முதல் படிக் கோவை, விடை இரண்டாம் படிக் கோவை. இங்கே உறுப்பு இரண்டாம் படிக் கோவை, எனவே விடை மூன்றாம் படிக் கோவை என்று ஊகிப்போம்: f(n) = an³ + bn² + cn. தொகுத்தறிதலின் இரண்டாம் படி தேற வேண்டுமானால் f(k+1) − f(k) = (k+1)² ஆக வேண்டும்.

a(3k² + 3k + 1) + b(2k + 1) + c = k² + 2k + 1

k²-இன் கெழுக்களை ஒப்பிட்டால் 3a = 1, எனவே a = 1/3. k-இன் கெழுவில் 3a + 2b = 2, எனவே b = 1/2. மீதியில் a + b + c = 1, எனவே c = 1/6.

f(n) = n³/3 + n²/2 + n/6 = n(n + 1)(2n + 1)/6

f(1) = 1/3 + 1/2 + 1/6 = 1. P(1) தேறிவிட்டது. இரண்டாம் படி தேறும்படிதான் கெழுக்களையே தேர்ந்தெடுத்தோம், எனவே நிரூபணமும் கூடவே முடிந்துவிட்டது. கனங்களின் கூடுதலுக்கு நான்காம் படிக் கோவையை வைத்து இதையே செய்யலாம். நான்கு சமன்பாடுகள் வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஆனால் 1 + 1/2 + 1/3 + … + 1/n என்று வந்தால் இந்த ஊகம் பலிக்காது. f ஒரு பல்லுறுப்புக் கோவை என்றால் f(k+1) − f(k)-யும் பல்லுறுப்புக் கோவையாகத்தான் இருக்கும். அது எல்லா k-க்கும் 1/(k+1)-க்குச் சமமாக முடியாது. அந்தக் கூட்டலுக்குப் பல்லுறுப்புக் கோவையில் சூத்திரமே இல்லை. அங்கே தொகுத்தறிதலுக்கு நிறுவக் கிடைப்பது சமன்பாடு அல்ல, சமனின்மை: முதல் 2ⁿ உறுப்புகளின் கூடுதல் 1 + n/2-க்குக் குறையாது. k-லிருந்து k+1-க்குப் போகும்போது புதிதாகச் சேர்வது ஓர் உறுப்பு அல்ல, 2ᵏ உறுப்புகள். ஒவ்வொன்றும் 1/2ᵏ⁺¹-க்குக் குறையாதவை, எனவே எல்லாம் சேர்ந்து குறைந்தது 1/2.