ஒசாகா பாட்டிலா, ஹாம்பர்க் ட்யூபா: இரண்டு லேபிள் படங்களும் ஒரு மதினியும்

பாம்பனில் இருக்கும் என் மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர். முழுக்கை சட்டை, தலையில் துணி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார். இருந்தாலும் கன்னமும் பிடரியும் புறங்கையும் வெயிலுக்குத் தப்புவதில்லை. இந்த வருடம் ஊருக்கு வருகிற இரண்டு பேரிடம் சன்ஸ்கிரீன் கேட்டேன். ஒசாகாவில் இருக்கும் தம்பியும் ஹாம்பர்க்கில் இருக்கும் சின்னம்மா மகளும் ஒரே நாளில் கடையில் நின்றபடி ஆளுக்கொரு படம் அனுப்பினார்கள். "இது போதுமாக்கா?" என்று இருவரும் ஒரே கேள்வி.

ஒன்று 60 மில்லி ஜப்பானிய பாட்டில், மற்றது 200 மில்லி ஜெர்மன் ட்யூப். முன்பக்கம் பார்த்தால் வெயில் காப்பு அளவு இரண்டிலும் 50+ தான். ஜப்பானில் அதற்கு எஸ்பிஎஃப் என்றே போடுகிறார்கள். ஜெர்மனியில் சில லேபிள்களில் எல்எஸ்எஃப் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. ஆனால் 50+ என்பதன் பொருளில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. ஐரோப்பாவில் சோதனையில் குறைந்தது 60 வந்தால்தான் அப்படி எழுதலாம். ஜப்பானில் 50-ஐத் தாண்டினால் போதும். வெயிலில் இந்த வித்தியாசம் தெரியாது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

எஸ்பிஎஃப் சொல்வது தோல் சிவந்து எரிவதைப் பற்றி, அதாவது பெரும்பாலும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரைப் பற்றித்தான். ஆழமாக இறங்கித் தோலைக் கருக்கவும் சுருங்கவும் வைக்கும் யூவிஏ கதிருக்கு வேறு குறி பார்க்க வேண்டும். ஜப்பானில் அது பிஏ என்ற எழுத்தும் பக்கத்தில் வரும் கூட்டல் குறிகளும். மூன்று கூட்டல் என்றால் யூவிஏ காப்பு அளவு 8 முதல் 16-க்குள், நான்கு என்றால் 16 அல்லது அதற்கு மேல். ஜெர்மன் ட்யூபில் கூட்டல் குறி இருக்காது. ஒரு வட்டத்துக்குள் யூவிஏ என்ற மூன்று எழுத்து மட்டும் இருக்கும். அந்த வட்டம் இருந்தால் யூவிஏ காப்பு எஸ்பிஎஃப்-இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. 60-க்கு 20 என்று வருகிறது. ஆக, வட்டம் போட்ட 50+ ட்யூபும் நான்கு கூட்டல் போட்ட பாட்டிலும் ஏறக்குறைய ஒரே தரம்.

தம்பி அனுப்பிய படத்தில் மூன்று கூட்டல்தான் தெரிந்தது. உருண்டையான பாட்டில், எழுத்து வளைவில் போய் மறைந்திருந்தது. "கொஞ்சம் திருப்பி இன்னொண்ணு எடுடா" என்றேன். நாலாவது கூட்டல் ஓரத்தில் ஒளிந்திருந்தது. வளைவான பாட்டிலை ஒரே படத்தில் நம்பக்கூடாது. கால் சுற்று திருப்பித் திருப்பி மூன்று படமாவது வேண்டும், கடை விளக்கு பளபளக்காத கோணத்தில்.

இனி தண்ணீர். மதினிக்கு இதுதான் கேள்வியே.

ஜப்பானிய லேபிளில் 'யூவி தைசுய்சேய்' என்று எழுதி நட்சத்திரம் போட்டிருக்கும். தண்ணீரைத் தாங்கும் தன்மை என்று பொருள். 2022 டிசம்பரில் வந்த முறை இது. ஒரு நட்சத்திரம் என்றால் 20 நிமிடம் வீதம் இரண்டு முறை நீரில் இருந்து மொத்தம் 40 நிமிடம். இரண்டு நட்சத்திரம் என்றால் நான்கு முறை, 80 நிமிடம். அதற்கு முன்னால் 'சூப்பர் வாட்டர்ப்ரூஃப்' என்று அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல் மட்டும் இருந்து நட்சத்திரம் இல்லாவிட்டால் எத்தனை நிமிடம் என்று லேபிளை வைத்துச் சொல்ல முடியாது.

ஜெர்மன் ட்யூபில் 'வாஸ்ஸர்ஃபெஸ்ட்' என்று இருந்தது. அகராதியில் பார்த்தால் தண்ணீர் புகாதது என்பது போலக் கிடைக்கும், அதை அப்படியே நம்பினால் போச்சு. இதற்கு 40 நிமிடச் சோதனை. 'எக்ஸ்ட்ரா' என்ற சொல் முன்னால் இருந்தால்தான் 80 நிமிடம். அந்தச் சொல் சில சமயம் மேல் வரியில் தனியாக நிற்கும், படத்தில் வெட்டுப்பட்டால் தெரியாது. நாங்கள் முழுப் படமும் வாங்கிப் பார்த்தோம், எக்ஸ்ட்ரா இல்லை. பாட்டிலில் இரண்டு நட்சத்திரம். அதாவது தண்ணீர் விஷயத்தில் ஒசாகாவுக்கே வெற்றி.

ஆனால் அந்த 80 நிமிடம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் கொண்டாட்டம் குறையும். இரண்டு நாட்டிலும் நிபந்தனை, ஊறி எழுந்த பிறகு காப்பில் பாதி மிஞ்ச வேண்டும் என்பதுதான். 60 என்றால் 30. சோதனை நடப்பது தொட்டித் தண்ணீரில். இடையில் வெளியே வந்து துடைக்காமல் உலர்த்துவார்கள். அலை இல்லை, மணல் இல்லை, முகத்தைத் துணியால் அழுத்தித் தேய்க்கும் ஆள் இல்லை. பாம்பன் கடலில் இவை எல்லாமே உண்டு.

அமெரிக்க லேபிள் இதில் வேறு வழி: தண்ணீரைத் தாங்கும் என்று சொன்னால், ஊறி எழுந்த பிறகு கிடைக்கும் எஸ்பிஎஃப் அளவையே முன்பக்கம் போட வேண்டும். அங்கே 50 என்றால் ஊறிய பிறகும் 50. மூன்று நாட்டு எண்களையும் ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாது.

திரும்பப் பூசுவது பற்றி இரண்டு லேபிளும் கடிகாரம் காட்டவில்லை. ஜெர்மன் வரியில் 'மேர்ஃபாக்', அதாவது பலமுறை. வியர்த்த பின், நீந்திய பின், துவட்டிய பின் என்று காரணத்தையும் அடுக்குகிறது. ஜப்பானிய வரியில் 'கோமாமே நி' என்று ஒரு சொல், சோம்பல் படாமல் அடிக்கடி என்பது போல. நாம் கேள்விப்படும் இரண்டு மணி நேரக் கணக்கு அமெரிக்க லேபிள்களில் அச்சாகி இருப்பது. அங்கேயும் துவட்டினால் உடனே பூசு என்றுதான் எழுதியிருக்கிறது.

ஜப்பானிய பாட்டிலின் பின்புறம் நான் தவறவிடப் பார்த்த ஒரு வரி, 'யோகு ஃபுத்தே': நன்றாகக் குலுக்கு. இந்த வகை நீர்த்த லோஷனில் வைத்திருந்தால் இரண்டு அடுக்காகப் பிரியும், உள்ளே ஒரு குண்டு கிடந்து கலகலவென ஓடும். குலுக்காமல் ஊற்றினால் கலக்காத அடுக்குதான் கையில் வரும், எழுதிய காப்பு தோலில் இருக்காது. மதினியிடம் சொன்னதும், "அப்ப இது நம்ம இருமல் மருந்து மாதிரிதான்" என்றார்.

கடைசியில் முடிவு செய்தது அளவு. எஸ்பிஎஃப் சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அந்தக் கணக்குப்படி முகம், கழுத்து, காது, பிடரி, இரண்டு புறங்கை எல்லாம் சேர்த்து மதினிக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 3 கிராம். வள்ளம் ஏறும் முன் ஒரு முறை, கரைக்கு வந்து இளைப்பாறும்போது இரண்டு முறை என்று வைத்தால் நாளுக்கு 9 கிராம். 60 மில்லி பாட்டில் ஆறேழு நாளில் காலி. 200 மில்லி ட்யூப் இருபத்திரண்டு நாள் வரும். பாட்டில் தீர்ந்துவிடுமோ என்று சிக்கனமாகப் பூசினால் இரண்டு நட்சத்திரத்துக்கும் அர்த்தமில்லை. பாதி அளவு பூசினால் எழுதிய எண் மிகவும் கீழே இறங்கிவிடும்.

அதனால் ட்யூப் என்று சொன்னேன். 40 நிமிடத் தாங்கலோ 80 நிமிடத் தாங்கலோ, மணிக்கணக்கில் தண்ணீரில் கிடப்பவருக்கு இரண்டும் போதாது. கரையேறியதும் உப்புத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் காய்ந்த பிறகு தாராளமாகப் பூசி, கால் மணி நேரம் நிழலில் இருந்து இறங்குவதுதான் வழி. தம்பியிடம் ஒரு பாட்டிலும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன், அது எனக்கு. நான் நிற்பது மண்டபம் பள்ளிக்கூடத்து மைதானத்தில், அங்கே முங்குவதில்லை, வியர்ப்பதோடு சரி.