இரண்டாவது தடவை கரண்ட் போனால்: டியூபுலரா, லித்தியமா?

வீட்டு இன்வெர்ட்டருக்கு பேட்டரி வாங்கக் கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் நிக்கும்?" என்பதுதான். வட சென்னையில் வீடு இருப்பவர்கள் கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும். பேட்டரி காலியான பிறகு மூன்று மணி நேரம் மட்டும் கரண்ட் வந்துவிட்டு மறுபடியும் போனால், அந்த இரண்டாவது தடவை எத்தனை மணி நேரம் நிற்கும்? தண்ணீர் ஊற்றுகிற லெட் ஆசிட் வகையான டியூபுலருக்கும் லித்தியத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 வரை மின்வாரியம் சொல்லிவிட்டு நிறுத்துவதை இரண்டு பேட்டரியும் சமாளிக்கும். சிக்கல் கோடை இரவில் வருகிறது. தெரு முழுக்க ஏசி ஓடும்போது கேபிள் ஃபால்ட் ஆகும், சரி செய்வார்கள், மறுபடியும் போகும். மழைக்காலத்தில் பில்லர் பாக்ஸில் தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காகவே லைனை நிறுத்தி வைப்பார்கள். இப்படி வந்து வந்து போகிற கரண்டை வைத்துத்தான் பேட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொடுங்கையூரில் தரைத்தளத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரண சீலிங் ஃபேன் இரண்டு, ஒவ்வொன்றும் 75 வாட். எல்இடி லைட்டு மூன்று, வைஃபை, செல்போன் சார்ஜர். எல்லாம் சேர்த்து 200 வாட். இன்வெர்ட்டரில் வீணாவது, இன்வெர்ட்டர் தனக்கென எடுத்துக்கொள்வது எல்லாம் சேர்ந்தால் பேட்டரியிலிருந்து போவது 250 வாட்.

ஒரு பக்கம் 150 ஏஎச், அதாவது ஆம்பியர் அவர், டியூபுலர், இன்னொரு பக்கம் 100 ஏஎச் லித்தியம். இரண்டும் 12 வோல்ட். டியூபுலர் மேல் எழுதியிருக்கும் 150 என்பது பொதுவாக 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது ஏழரை ஆம்பியர் வீதம், எடுத்தால் கிடைக்கிற அளவு. நம் வீடு எடுப்பது சுமார் 21 ஆம்பியர். லெட் ஆசிட் பேட்டரியில் வேகமாக எடுக்க எடுக்கக் கிடைப்பது குறையும். இந்த வேகத்தில் புது பேட்டரியிலேயே 115, 120 ஏஎச் கிடைத்தால் அதிகம். அப்படியும் ஐந்தரை மணி நேரம் ஓடும். லித்தியத்தில் இந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லை. 100 என்றால் ஏறக்குறைய 100 கிடைக்கும். அது ஐந்து மணி நேரத்தை ஒட்டி நிற்கும். ஆக, முதல் தடவை கரண்ட் போகும்போது டியூபுலர் அரை மணி நேரம் கூடவே ஓடுகிறது, விலையும் பாதிதான்.

முதல் தடவை ஐந்து மணி நேரம் போய்விட்டு, அப்புறம் கரண்ட் மூன்று மணி நேரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியரில்தான் சார்ஜ் ஏற்றும். 15 என்றே வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத்தில் 45 ஏஎச் உள்ளே போகும், திரும்ப எடுக்க முடிவது சுமார் 40. மிச்சமிருந்ததையும் சேர்த்தால் 50, 55. இரண்டாவது தடவை டியூபுலர் இரண்டரை மணி நேரத்தில் அணைந்துவிடும். பெரிய சார்ஜரை வைத்து வேகமாக ஏற்றலாமே என்றால், 150 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரிக்கு 15 ஆம்பியரே சரியான அளவு. நிறைய ஏற்றினால் சூடாகித் தண்ணீர் கொதித்துப் போகும். அதோடு 80 சதவீதத்துக்கு மேல் அது சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும், நிரம்பிய பஸ்ஸில் கடைசி ஆட்கள் ஏறுகிற மாதிரி. முழுசாகக் காலியான டியூபுலர் நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

லித்தியத்துக்கென்று வரும் இன்வெர்ட்டர் 25 ஆம்பியர் ஏற்றினால் அதே மூன்று மணி நேரத்தில் 75 ஏஎச் போய்விடும். இரண்டாவது தடவை கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஓடும். தூங்க முடிகிற இரவுக்கும் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் இது.

இங்கேதான் நிறைய பேர் காசை இழக்கிறார்கள். பழைய இன்வெர்ட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் லித்தியமாக மாற்றுகிறார்கள். பழைய இன்வெர்ட்டர் அதே 15 ஆம்பியரில்தான் ஏற்றும். 45 ஏஎச் போகும், லித்தியத்தின் வோல்டேஜ் கொஞ்சம் கூட என்பதால் 19, 20 ஆம்பியரில் எடுத்தால் இரண்டே கால் மணி நேரம். இரண்டு மடங்கு காசு கொடுத்தும் டியூபுலர் அளவுக்குக்கூட வராது.

பழைய இன்வெர்ட்டரில் வேறு தொல்லையும் உண்டு. 12 வோல்ட் லித்தியத்தை 14.4, மிஞ்சினால் 14.6 வோல்ட்டோடு நிறுத்த வேண்டும். டியூபுலருக்கான சில இன்வெர்ட்டர்கள் அதைத் தாண்டிப் போகும். அப்போது உள்ளே இருக்கும் பிஎம்எஸ், அதாவது செல்களைக் காப்பாற்றும் சர்க்யூட், பேட்டரியைத் துண்டித்துவிடும். இன்வெர்ட்டரில் பேட்டரி இல்லை என்று எச்சரிக்கை வரும், வீட்டில் யாருக்கும் காரணம் புரியாது. சார்ஜ் அளவு காட்டும் புள்ளிகளையும் நம்ப முடியாது. லித்தியத்தின் வோல்டேஜ் பெரும்பாலான நேரம் 13-ஐ ஒட்டியே இருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும். திரையில் பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். லித்தியம் வாங்குவதென்றால் இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் சார்ஜ் ஏற்றும் என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

டியூபுலர் சாவதற்கும் இதே அரைகுறை சார்ஜ்தான் பெரிய காரணம். நிரம்பாமலே மறுபடி மறுபடி காலியானால் தகடுகளில் லெட் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும். அந்த இடம் அப்புறம் சார்ஜை வாங்காது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. நீண்ட நேரம் கரண்ட் போய் வந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ஃபுல் என்று காட்டும், ஆனால் ஃபேன் ஒரு மணி நேரம்கூட ஓடாது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்கலாம். முழு சார்ஜில் ஆறு செல்லிலும் 1240-ஐ ஒட்டி வர வேண்டும். எல்லா செல்லிலும் சமமாகக் குறைந்திருந்தால் நீண்ட நேரம் ஏற்றிப் பார்க்கலாம், மீள வாய்ப்பு உண்டு. ஒரு செல் மட்டும் 30 புள்ளிக்கு மேல் பின்தங்கி, எத்தனை ஏற்றினாலும் எழவில்லை என்றால் அந்த பேட்டரி முடிந்தது.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்ஓ கேன் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது, அதிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூத்துவிடும். சுத்தம் செய்து வாஸ்லின் தடவுவது அங்கே மாதாமாதம் செய்ய வேண்டிய வேலை. லித்தியத்துக்குத் தண்ணீர் வேலை இல்லை, டெர்மினலை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

வெயிலை இரண்டுமே தாங்காது. லெட் ஆசிட்டுக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். லித்தியமும் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள பரணில் எதையும் வைக்காதீர்கள்.

தரைத்தளத்து வீட்டுக்கு லித்தியத்தில் நான் பெரிதாக மதிப்பது அதன் எடையைத்தான். 150 ஏஎச் டியூபுலர் 50 கிலோவுக்கு மேல், தரையில் டிராலியில்தான் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறிய தெருக்களில் அதைத் தனி ஆளாக யார் தூக்கி மேலே வைப்பது? 100 ஏஎச் லித்தியம் 10 முதல் 13 கிலோ. நெஞ்சு உயரத்தில் உறுதியான ஸ்டாண்டு அடித்து இன்வெர்ட்டரோடு அங்கேயே நிரந்தரமாக வைத்துவிடலாம். தண்ணீரில் மூழ்கியது எந்த பேட்டரியாக இருந்தாலும் காயவைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. மூழ்கிய லித்தியத்தை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது, சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

தீ என்றதும் ஸ்கூட்டர் எரிந்த செய்திகள் நினைவுக்கு வரும். வீட்டுக்கு வாங்க வேண்டியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, கடையில் எல்எஃப்பி என்பார்கள். மற்ற லித்தியம் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும். பெட்டியில் அந்தப் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள். கையில் தூக்கியும் பாருங்கள். 12 வோல்ட் 100 ஏஎச் என்று எழுதி ஆறேழு கிலோதான் இருந்தால், உள்ளே அத்தனை செல் இல்லை. டியூபுலர் பக்கமும் ஒரு ஆபத்து உண்டு: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், சாமி விளக்குக்குப் பக்கத்திலோ மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது.

பழுது பார்ப்பதில் டியூபுலருக்குத்தான் வசதி. தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ, பக்கத்துக் கடைக்காரரே வந்து பார்ப்பார். செத்த பேட்டரிக்கும் ஈயத்துக்காகச் சில ஆயிரம் கழித்துக்கொள்வார். லித்தியத்தில் பிஎம்எஸ் போனால் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்பதற்கு முன்னால், சர்வீஸ் சென்டர் சென்னையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள்.

எப்போதாவது ஒருமுறை நீளமாகப் போய், அப்புறம் நாள் முழுக்கக் கரண்ட் இருக்கிற தெருவென்றால் டியூபுலரே போதும், அதிகம் செலவழிக்க வேண்டாம். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை போகும், வீட்டுக்குள் தண்ணீரும் வரும் என்றால், இன்வெர்ட்டரையும் சேர்த்து மாற்றப் பணம் இருந்தால் லித்தியம் வாங்குங்கள். பேட்டரிக்கு மட்டும் பணம் இருந்தால் வேண்டாம்.

அந்தப் பணத்தில் முதலில் ஃபேனை மாற்றுங்கள். பிஎல்டிசி ஃபேன் ஒன்று மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது, முழு வேகத்தில் 30 வாட்தான் எடுக்கும். அந்தக் கொடுங்கையூர் வீட்டில் இரண்டு ஃபேனையும் மாற்றினால் பேட்டரியிலிருந்து போவது 250 வாட்டிலிருந்து 145-க்கு இறங்கும். காலை ஐந்து மணி நேரத்துக்கு 60 ஏஎச்தான் செலவாகும். நடுவில் அதே 15 ஆம்பியரில் மூன்று மணி நேரம் ஏறினாலே, இரண்டாவது தடவை இரண்டரை மணி நேரம் ஓடிய அதே டியூபுலர் எட்டு மணி நேரத்தைத் தாண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில பிஎல்டிசி ஃபேன்கள் சரியாக ஓடாது. உங்களுடையது சைன் வேவ்தானா என்று பார்த்துவிட்டு, முதலில் ஒரு ஃபேனை மட்டும் வாங்கி மாட்டிப் பாருங்கள்.